ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறும் சுவர்

குறும்படங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இந்தக் குறை பழகிப்போன ஒன்று. வீட்டுக் கூடத்தில் அம்மாவும் மகனும் பேசிக்கொண்டிருப்பார்கள். வைட் ஷாட்டில் பின்சுவர் வெளிர்பச்சையாக இருக்கும். அம்மாவின் க்ளோஸ்-அப்புக்குக் கட் ஆனதும் அதே சுவர் மஞ்சளடித்திருக்கும். மகனின் முகத்துக்குப் போனால் அங்கே ஒரு நீலம், முகமும் ஒரு சுற்று கறுத்திருக்கும். மறுபடி வைட் வந்ததும் எல்லாம் பழையபடி. பார்ப்பவர் யாரும் ‘ஒயிட் பேலன்ஸ் சரியில்லை’ என்று சொல்லப்போவதில்லை. ‘நடிப்பு ஏதோ ஒட்டலை’ என்றுதான் சொல்வார்கள். நடிகர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

திரையில் இரண்டு நிமிடம் ஓடும் இந்தப் பேச்சை எடுக்க மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள் சூரியன் இறங்கியிருக்கும், லென்ஸ் மாறியிருக்கும், விளக்கு நகர்ந்திருக்கும். அங்கே இருந்தவர்கள் கண்ணுக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. மாலை மங்க மங்கக் கண் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். மஞ்சள் பல்பின் கீழும் வெள்ளை வேட்டியை நாம் வெள்ளையாகத்தான் பார்க்கிறோம். கேமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது, விழுந்த வெளிச்சத்தை அப்படியே எழுதிவைக்கும். மூன்று மணிக்கு எடுத்ததையும் ஐந்து மணிக்கு எடுத்ததையும் எடிட்டர் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும்போதுதான் வித்தியாசம் முகத்தில் அறையும்.

இதைத் தடுக்க ஒளிப்பதிவாளர்கள் பல காலமாகக் கையில் வைத்திருப்பது ஒரு சாம்பல் நிற அட்டை. படப்பிடிப்பில் அதற்கு கிரே கார்டு என்று பெயர். தன்மேல் விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தை மட்டும் திருப்பி அனுப்பும்படியும், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே அளவில் அனுப்பும்படியும் அதைச் செய்கிறார்கள். ஏன் 50 சதவீதமாக இல்லை என்று கேட்கலாம். நம் கண் வெளிச்சத்தைக் கூட்டல் கணக்கில் அளப்பதில்லை, மடங்கு கணக்கில் அளக்கிறது. அதனால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருப்பதாக நாம் உணரும் சாம்பல், உண்மையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான வெளிச்சத்தைத்தான் திருப்புகிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து 1940 வாக்கில் வகுத்த மண்டல முறையில் இந்தச் சாம்பல்தான் நடுவில், ஐந்தாம் மண்டலமாக உட்கார்ந்திருக்கிறது. கோடக் நிறுவனம் இதை அட்டையாகவே அச்சிட்டு விற்றது.

கார்டு என்ன நிறம் என்பது நமக்கு முன்பே தெரியும் என்பதுதான் அதன் பயன். கடைக்காரரின் படிக்கல்லைப் போல அது மாறாது. ஆகவே படத்தில் கார்டு மஞ்சளாகத் தெரிந்தால் வெளிச்சம் மஞ்சள், கறுத்துத் தெரிந்தால் வெளிச்சம் குறைவு. முகத்தை வைத்தோ சுவரை வைத்தோ இப்படி அடித்துச் சொல்ல முடியாது. முகம் ஆளுக்கு ஆள் மாறும். சுவருக்கு யார் என்ன பெயிண்ட் அடித்தார்கள் என்று கலரிஸ்டுக்குத் தெரியாது. முகத்தை அளவுகோலாக்கிய வரலாறும் உண்டு. கோடக்கின் பிரிண்டுகளைச் சரிபார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைத்தான் லேப்களுக்கு அனுப்பினார்கள். ‘ஷெர்லி கார்டு’ என்று அதற்குப் பெயர். அந்தத் தோலுக்குச் சரியாக வந்த அளவு கறுத்த தோலுக்குப் பொருந்தவில்லை என்ற புகார் பிறகுதான் வெளியே வந்தது. சாம்பல் அட்டைக்கு இந்தச் சாய்வு கிடையாது.

இப்போது அந்த அம்மா-மகன் காட்சிக்கே வருவோம். கணக்கு புரிவதற்காக ஒரு படப்பிடிப்பைக் கற்பனை செய்துகொள்வோம். பழைய வீட்டின் கூடம். மேற்கே பெரிய ஜன்னல். அதற்கு வெளியே வெள்ளைத் துணி கட்டியிருக்கிறார்கள், வெயில் அதில் பட்டு மெத்தென்று உள்ளே வருகிறது. முக்கிய வெளிச்சம் அதுதான். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல், நிழல் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்க. சுவர் வெளிர்பச்சை. அம்மா அரக்கு நிறப் புடவையில் கீழே உட்கார்ந்து வாழைப்பூ ஆய்கிறார். மகன் வெள்ளைச் சட்டையில் சுவரோரமாக நிற்கிறான். கேமரா சோனி. S-Log3 முறையில் பதிவாகிறது.

முதல் வேலை, கேமராவில் ‘ஆட்டோ’ என்று இருக்கும் அத்தனையையும் அணைப்பது. வைட் ஷாட்டில் வெள்ளைச் சட்டையும் ஜன்னலும் தெரிவதால் ஆட்டோ எக்ஸ்போஷர் படத்தை இருட்டாக்கும். அம்மாவின் க்ளோஸ்-அப்பில் அரக்குப் புடவை பாதி ஃபிரேமை அடைத்துக்கொள்வதால் அதே ஆட்டோ இப்போது வெளிச்சத்தைக் கூட்டும், முகம் வெளிறும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸும் பச்சைச் சுவரைப் பார்த்ததும் அதை அடக்கப் பார்த்து எல்லாவற்றிலும் இளஞ்சிவப்பை ஏற்றிவிடும். இதைவிட மோசம், ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டும் மாறிக்கொண்டிருக்கும். ஷாட்டுக்கு நடுவில் நிறம் நகர்ந்தால் கார்டு காட்டியும் பயனில்லை. அதனால் ஷட்டர், ஐஎஸ்ஓ, அப்பெர்ச்சர், ஒயிட் பேலன்ஸ் நான்கையும் கையால் வைத்துப் பூட்டிவிட வேண்டும். செல்போனில் எடுப்பவர்களும் பிளாக்மேஜிக் கேமரா போன்ற செயலியில் ஷட்டர், ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிக்கொள்ளலாம்.

ஒயிட் பேலன்ஸைப் பூட்டுவதில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் கார்டைக் காட்டி கேமராவிலேயே புதிதாக ஒயிட் பேலன்ஸ் எடுப்பவர்கள் ஒரு கட்சி. காட்சி முழுக்க 5600 கெல்வின் என்று ஒரே எண்ணில் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு ஷாட்டிலும் கார்டைப் பதிவு மட்டும் செய்துகொண்டு, பிறகு டி.ஐ.யில் சரிசெய்பவர்கள் மற்றவர்கள். அன்றன்றே எடிட் செய்து ஒப்படைக்க வேண்டிய கல்யாண வீடியோக்காரருக்கு முதல் வழி சரி. கதைப் படத்துக்கு நான் இரண்டாவது கட்சி. கேமராவில் பத்து முறை எடுத்த பத்து அளவுகளில் ஒன்று தவறியிருந்தால் எது தவறியது என்று கண்டுபிடிப்பது சிரமம். ஒரே எண்ணில் நின்றிருந்தால், மாறியது வெளிச்சம் மட்டும்தான் என்று நிச்சயமாகத் தெரியும்.

மணி மூன்றேகால். வைட் ஷாட் தயார். உதவியாளர் கார்டோடு போகிறார்.

“அண்ணே, அம்மா பக்கத்துல காட்டவா?”

“முகத்துக்கு நேராப் பிடிப்பா. நீ கொஞ்சம் தள்ளி நில்லு, உன் சட்டை அதுல அடிக்குது.”

இந்த இரண்டு வரியில்தான் கார்டு காட்டும் வித்தை பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. கார்டு கேமராவுக்குப் பக்கத்திலோ அறையின் நடுவிலோ இருந்து பயனில்லை, நடிகரின் முகத்தில் விழும் அதே வெளிச்சம் அதன்மேலும் விழ வேண்டும். முக்கிய வெளிச்சம் ஜன்னலிலிருந்து வருவதால் கார்டைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமாகத் திருப்ப வேண்டும், கேமராவுக்கும் அது முழுதாகத் தெரிய வேண்டும். கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தால் பளபளப்பு வராது. பளபளப்பு ஏறிய கார்டு தன் உண்மை அளவைவிட வெளுப்பாகத் தெரிந்து எல்லாக் கணக்கையும் கெடுக்கும். பிடித்திருப்பவரின் நிழல் விழக் கூடாது. அவர் சிவப்பு டி-ஷர்ட் போட்டிருந்தால் அந்தச் சிவப்பு கார்டில் ஏறும். படப்பிடிப்பில் கேமரா உதவியாளர்கள் கறுப்புச் சட்டை போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கார்டு ஃபோகஸில் இல்லாவிட்டால் பரவாயில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் மங்கலாக இருப்பதே நல்லது, அட்டையின் சொரசொரப்பு அளவைக் குழப்பாது. மூன்று, நான்கு வினாடி பதிவானால் போதும். கிளாப் அடிப்பதற்கு முன்னால் இதை முடித்துவிடலாம்.

கார்டு இல்லையென்று வெள்ளைத் தாளைக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அச்சுத் தாளில் வெண்மை கூடித் தெரிவதற்காக ஒளிரும் வேதிப்பொருள் சேர்ப்பார்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி அது நீலமாக வெளிவிடும். அந்தத் தாளை நம்பி ஒயிட் பேலன்ஸ் எடுத்தால் படம் மஞ்சள் பக்கம் சாயும். அதோடு வெள்ளைத் தாள் வெளிச்சம் கூடிய இடத்தில் எளிதில் வெளுத்துப் போய்விடும். வெளுத்த இடத்தில் நிறம் எவ்வளவு இருந்தது என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது.

கார்டு எந்த அளவில் பதிவாகிறது என்பதை கேமராவிலோ தனி மானிட்டரிலோ உள்ள வேவ்ஃபார்ம் காட்டும். கீழே 0 கறுப்பு, மேலே 100 வெள்ளை. S-Log3 முறையில் சாம்பல் கார்டு உட்கார வேண்டிய இடம் 41 என்று சோனியே வகுத்திருக்கிறது. வைட் ஷாட்டில் f/4 வைத்ததும் கார்டு 41இல் நிற்கிறது. சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் பரேட் என்ற திரையில் பார்த்தால் மூன்றும் ஒரே உயரம். இந்த ஷாட்தான் இனி மற்றவற்றுக்கு அளவு.

இந்த 41 புனித எண் ஒன்றும் இல்லை. S-Log3இல் நிழல் பகுதியில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும் என்பதால் பலர் வேண்டுமென்றே ஒரு ஸ்டாப் கூட்டி எடுப்பார்கள். அப்போது கார்டு 49இல் நிற்கும். பிரச்சினையில்லை. வைட்டில் 49 என்றால் எல்லா ஷாட்டிலும் 49. மற்ற கேமராக்களின் லாக் முறைகளுக்கு வேறு வேறு எண்கள். பானசோனிக்கின் V-Logஇல் இது 42. எண் எதுவானாலும் காட்சி முடியும்வரை ஒன்றாக இருந்தால் போதும்.

மணி நான்கு. அம்மாவின் க்ளோஸ்-அப். ஜூம் லென்ஸைக் கழற்றிவிட்டு 85 எம்.எம். லென்ஸைப் போடுகிறார்கள். அப்பெர்ச்சர் அதே f/4. ஆனால் கார்டைக் காட்டினால் வேவ்ஃபார்மில் கிட்டத்தட்ட 44. வெளிச்சம் மாறவில்லை, மாறியது லென்ஸ். f என்ற எண் துவாரத்தின் அளவை வைத்துப் போட்ட கணக்கு. லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகள் எவ்வளவு வெளிச்சத்தை விழுங்குகின்றன என்பது அதில் இல்லை. ஜூமில் கண்ணாடிகள் அதிகம், அதனால் அது கூடுதலாக விழுங்குகிறது. வித்தியாசம் ஒரு ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்கு. சினிமா லென்ஸ்களில் இதைத் தவிர்க்கத்தான் f-க்குப் பதில் T என்ற அளவு போடுகிறார்கள். இங்கே கேமராமேன் அப்பெர்ச்சரை ஒரு கிளிக் மூடுகிறார், கார்டு 41க்கு இறங்குகிறது. கார்டு இல்லாவிட்டால் இந்த வித்தியாசம் மானிட்டரில் கண்ணுக்குத் தப்பியிருக்கும், கட்டில் தப்பியிருக்காது.

இன்னொரு விஷயத்தையும் அங்கேயே பார்க்கிறார். க்ளோஸ்-அப் என்பதால் லைட்மேன் தெர்மாகோலை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்திருக்கிறார். கார்டை ஜன்னல் பக்கம் திருப்பினால் 41. நிழல் பக்கம், அதாவது தெர்மாகோலை நோக்கித் திருப்பினால் 32. அதாவது ஒரு ஸ்டாப் குறைவு. வைட் ஷாட்டில் இதே நிழல் பக்கம் 25இல் இருந்தது, இரண்டு ஸ்டாப் குறைவு. வெளிச்சப் பக்கம் பொருந்திவிட்டது, நிழல் பொருந்தவில்லை. இப்படியே எடுத்தால் வைட்டில் பாதி முகம் நிழலில் இருந்த அம்மா, க்ளோஸ்-அப்பில் ஸ்டுடியோவில் உட்கார்ந்ததுபோல இருப்பார். இதை டி.ஐ.யில் சரிசெய்வது பெரிய வேலை, முகத்தில் ஒரு பாதியை மட்டும் தனியாக வெட்டி இருட்டாக்க வேண்டியிருக்கும். தெர்மாகோலை மூன்றடி பின்னால் நகர்த்துவது அரை நிமிட வேலை. க்ளோஸ்-அப்பில் அழகுக்காக நிழலைக் கொஞ்சம் மென்மையாக்குவது வழக்கம்தான், அதில் தவறில்லை. ஆனால் எவ்வளவு மென்மையாக்கினோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். கார்டை ஒரு பக்கம் மட்டும் காட்டிவிட்டுப் போகிறவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

மணி ஐந்து. மகனின் க்ளோஸ்-அப். அதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது, மேற்கே மெல்லிய மேகமும் வந்துவிட்டது. அப்பெர்ச்சரை இதற்குமேல் திறந்தால் பின்புலம் வைட்டோடு ஒட்டாத அளவு மங்கிவிடும் என்று கேமராமேன் நினைக்கிறார். ஐஎஸ்ஓவையும் தொட மனமில்லை. கார்டைக் காட்டிப் பதிவு செய்துகொண்டு அப்படியே எடுத்துவிடுகிறார். பரேடில் சிவப்பு 38, பச்சை 36, நீலம் 33. பச்சையை வைத்துப் பார்த்தால் அரை ஸ்டாப் இருட்டு. சிவப்பு ஏறி நீலம் இறங்கியிருப்பது மாலை வெயிலின் மஞ்சள்.

இங்கே ஒரு சிக்கலும் சேர்கிறது. மகன் பச்சைச் சுவரை ஒட்டி நிற்கிறான். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அவன் நிழல் பக்கக் கன்னத்தில் பச்சையாக ஏறுகிறது. கார்டைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் காட்டினால் அந்தப் பச்சையையும் சேர்த்துப் பிடிக்கும். அதைச் சரியான அளவென்று நம்பிச் சாம்பலாக்கினால், பச்சையை எடுப்பதற்காக முழுப் படத்திலும் இளஞ்சிவப்பு ஏறும். ஜன்னல் பக்கக் கன்னமும் வெள்ளைச் சட்டையும் ரோஸாகிவிடும். அதனால் இந்த ஷாட்டிலும் கார்டு முக்கிய வெளிச்சமான ஜன்னலைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். கன்னத்தில் ஏறும் பச்சைக்கு மருந்து வேறு. ஃபிரேமுக்கு வெளியே, சுவருக்கும் நடிகருக்கும் நடுவில் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்தால் போதும்.

இனி டி.ஐ. மேசை. டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இதைச் செய்துவிடலாம். வைட் ஷாட்டின் கார்டு ஃபிரேமை Grab Still கொடுத்துப் பிடித்துவைத்துக்கொள்கிறார் கலரிஸ்ட். பிறகு மகனின் ஷாட்டில் கார்டு இருக்கும் ஃபிரேமுக்குப் போய் பரேடைத் திறக்கிறார். Offset என்ற சக்கரத்தில் சிவப்பை 3, பச்சையை 5, நீலத்தை 8 உயர்த்தி மூன்றையும் 41இல் நிறுத்துகிறார். இந்த 3, 5, 8 என்பதெல்லாம் வேவ்ஃபார்மில் நகரும் தூரம், சக்கரத்தில் காட்டும் எண் வேறாக இருக்கும். வெளிச்ச அளவும் நிறமும் ஒரே நடையில் சரியாகிவிட்டன. மானிட்டரில் பார்த்த எண்ணும் மென்பொருளில் தெரியும் எண்ணும் ஒன்றிரண்டு வித்தியாசப்படலாம், கவலை வேண்டாம். எல்லா ஷாட்டையும் ஒரே திரையில், ஒரே அளவுகோலில் ஒப்பிட்டால் போதும்.

Offset சக்கரத்தை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், பெரும்பாலானவர்கள் தவறு செய்வது இங்கேதான். S-Log3 போன்ற லாக் முறையில் வெளிச்சம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் எண் கிட்டத்தட்ட ஒரே அளவு ஏறும், ஒரு ஸ்டாப்புக்கு எட்டு, ஒன்பது. மிக ஆழ்ந்த நிழலில் மட்டும் இந்தக் கணக்கு தளரும். அதனால் படம் முழுவதையும் அதே அளவு தூக்கினால், படப்பிடிப்பில் அப்பெர்ச்சரைத் திறந்ததற்குச் சமமாகிவிடுகிறது. ஒரு நிறத்தை மட்டும் தூக்கினால் ஒயிட் பேலன்ஸை மாற்றியதற்குச் சமம். இதற்குப் பதிலாக, முதலில் லட் போட்டுப் படத்தைப் பளிச்சென்று ஆக்கிவிட்டு, அதன்பிறகு லிஃப்ட், காமா, கெய்ன் சக்கரங்களைத் திருகிக் கார்டைச் சாம்பலாக்கினால், கார்டு சாம்பலாகிவிடும். ஆனால் சட்டை ஒரு நிறத்திலும் தலைமுடி வேறு நிறத்திலும் நிற்கும். நடுவில் இருக்கும் ஒரு புள்ளி பொருந்திவிட்டு மேலும் கீழும் பொருந்தாமல் போகும். கார்டு சரி, முகம் தப்பு என்று புலம்புபவர்களில் பலர் இந்த வரிசையில்தான் கோட்டை விட்டிருப்பார்கள். ஷாட்களை ஒன்றோடொன்று பொருத்தும் வேலை முதல் நோடில், லட்டுக்கு முன்னால் முடிய வேண்டும். படத்துக்கு என்ன தோற்றம் கொடுக்க வேண்டுமோ அது அதற்குப் பிறகு, எல்லா ஷாட்டுக்கும் பொதுவாக.

தோற்றம் என்றதும் ஒரு கேள்வி வரும். மாலை வெயிலின் மஞ்சள்தான் காட்சிக்கு அழகு, அதைச் சாம்பலாக்கித் துடைத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஃபிலிம் காலத்திலேயே இதற்கு ஒரு வழி இருந்தது. நெகட்டிவ் லேபுக்குப் போனதும் அங்கே டைமர் என்ற தொழில்நுட்பக்காரர் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 50 வரை உள்ள எண்ணில் பிரிண்ட் போடுவார். 25 நடுநிலை. இரவுக் காட்சிக்கு நீலம் வேண்டுமென்று ஒளிப்பதிவாளர் விளக்குக்கு நீலத் தாள் கட்டியிருப்பார். டைமருக்கு அது தெரியாது, தப்பென்று நினைத்து நீலத்தை எடுத்துவிடுவார். அதனால் ரோலின் தொடக்கத்தில் கார்டை வெள்ளை வெளிச்சத்தில் காட்டிவிட்டு, பிறகு நீல விளக்கைப் போட்டு நடிகரை எடுப்பார்கள். டைமர் கார்டைச் சாம்பலாக்குவார், நீலம் தானாகத் தங்கிவிடும். கார்டையும் நீல விளக்கில் காட்டிவிட்டால் உள்ள நீலமெல்லாம் போயிற்று. நம் காட்சியிலும் அப்படித்தான். ஷாட்களை ஒன்றாக்கிய பிறகு மொத்தக் காட்சிக்கும் கொஞ்சம் மஞ்சள் ஏற்றிக்கொள்ளலாம். மூன்றேகால் மணி வைட்டுக்கும் அதே மஞ்சள், ஐந்து மணி க்ளோஸ்-அப்புக்கும் அதே மஞ்சள்.

பின்னால் ஓரத்தில் எரியும் மஞ்சள் பல்பு, சாமி விளக்கு இவற்றுக்குக் கார்டு காட்ட வேண்டியதில்லை. அவை மஞ்சளாக இருப்பதுதான் இயல்பு. ஆனால் மகன் நடந்துபோய் அந்த பல்பின் கீழ் நின்று பேசுகிறான் என்றால், அங்கே முக்கிய வெளிச்சமே மாறிவிடுகிறது. அந்த இடத்தில் ஒரு கார்டு எடுத்துவைக்கலாம். அதைப் பார்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு முழுக்கச் சமமாக்குவதா, பாதி மஞ்சளை விட்டுவைப்பதா என்பது ரசனை.

கார்டால் முடியாதவையும் இருக்கின்றன. வைட்டில் ஜன்னலுக்கு வெளியே வானம் வெளுத்துப்போயிருந்தால் அதை எந்தப் பொருத்தலும் மீட்காது. அரை ஸ்டாப் தூக்கினால் தாங்கும், இரண்டு ஸ்டாப் தூக்கினால் நிழலில் நாய்ஸ் கொதிக்கும். பழைய கேமராக்களின் 8 பிட் பதிவில் இன்னும் சீக்கிரம் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். மேகம் ஷாட்டுக்கு நடுவில் வந்து போனால் தொடக்கத்தில் காட்டிய கார்டு பாதி ஷாட்டுக்குத்தான் உண்மை. அப்போது கடைசியிலும் ஒருமுறை காட்டிவைப்பது நல்லது.

மலிவான எல்.இ.டி. விளக்குகள் தனித் தலைவலி. அவற்றில் பச்சை கூடுதலாக இருப்பது சாதாரணம். கெல்வின் எண்ணை எவ்வளவு மாற்றினாலும் அந்தப் பச்சை போகாது, ஏனென்றால் கெல்வின் நகர்வது நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையில் மட்டும். பச்சை-இளஞ்சிவப்பு திசையில் நகர்த்த டின்ட் என்ற வேறு அளவு இருக்கிறது. பரேடில் பச்சை மட்டும் தனியாக உயர்ந்து நின்றால் காரணம் பெரும்பாலும் விளக்குதான், சிலசமயம் லென்ஸ் முன் மாட்டிய வேரியபிள் என்.டி. ஃபில்டர். அந்த ஃபில்டரைத் திருகத் திருக நிறமும் நகரக்கூடும் என்பதால், அதைத் தொட்டால் கார்டை மறுபடி காட்ட வேண்டும். எல்.இ.டி.யில் சிவப்பின் சில பகுதிகள் இல்லவே இல்லையென்றால் கார்டு சாம்பலாகும், முகம் மட்டும் உயிரில்லாமல் நிற்கும். இல்லாத நிறத்தைக் கார்டு கொண்டுவராது.

இரண்டு கேமராவில் எடுத்தாலும் இதே கதைதான். சோனியிலும் கேனனிலும் கார்டைச் சாம்பலாக்கியபின் கார்டுகள் பொருந்தும், அரக்குப் புடவை பொருந்தாது. ஒவ்வொரு சென்சாரும் நிறங்களைப் பிரித்துப் பார்க்கும் விதம் வேறு. அதற்கு 24 நிறக் கட்டங்கள் உள்ள கலர் செக்கர் அட்டை வேண்டும். ஒரே கேமராவில் எடுக்கும் குறும்படத்துக்கு அது அவசியமில்லை.

எல்லாம் பொருத்தி முடித்தபின் கார்டை மறந்துவிட்டு முகங்களைப் பார்க்க வேண்டும். மூன்று ஷாட்டையும் வெட்டி ஓட்டிப் பார்த்தால், எண்ணெல்லாம் சரியாக இருந்தும் மகன் கொஞ்சம் இருட்டாகத் தெரியலாம். வெள்ளைச் சட்டை பக்கத்தில் இருந்தால் முகம் கறுத்துத்தான் தெரியும். அப்போது ஒரு சிறு அளவு தூக்கலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் அந்த முடிவு கார்டு பொருந்திய பிறகு எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். முதலிலிருந்தே கண்ணை மட்டும் நம்பினால், பத்து நிமிடம் மஞ்சள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு மஞ்சள்தான் வெள்ளை.

கார்டு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண அட்டை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பளபளப்பில்லாததாகவும், ‘ஒயிட் பேலன்ஸுக்கு நடுநிலையானது’ என்று உறையில் சொல்லியிருப்பதாகவும் பார்த்து வாங்குங்கள். எக்ஸ்போஷருக்கு மட்டும் என்று செய்த சில அட்டைகளில் லேசான நிறச் சாய்வு இருக்கும். வெயிலில் காயவிடாதீர்கள், எண்ணெய்க் கையோடு தொடாதீர்கள், பழுப்பேறினால் மாற்றிவிடுங்கள். மாற்றுவதையும் படப்பிடிப்புக்கு நடுவில் செய்யாதீர்கள். இரண்டு நிறுவனங்களின் சாம்பல் ஒன்றாக இருப்பதில்லை, ஒரு படம் முடியும்வரை ஒரே கார்டுதான்.